‘உறுதி என்றால் உறுதிதான்’ என்பவர்களுக்கு

எங்கள் கரையோர ஊர்களில் ஒரு வாக்கியம் உண்டு. மருதமுனையில் கேட்டிருக்கிறேன், சாய்ந்தமருதில் கேட்டிருக்கிறேன், நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் கேட்டிருக்கிறேன். காணியை இழந்தவர் யாராவது பள்ளிவாசல் முற்றத்தில் நின்று முறையிட்டால், வெள்ளைச் சட்டை அணிந்த பெரிய மனிதர் ஒருவர் அமைதியாகச் சொல்வார்: “உறுதி என்றால் உறுதிதானே. கையெழுத்து வைத்த பிறகு என்ன கதை?” அத்தோடு கூட்டம் கலையும்.

இந்த வாக்கியம் சட்டப்படி பிழை. இதற்கு நேரெதிராக இன்னொரு வாக்கியமும் புழங்குகிறது. ‘ஏமாற்றி வாங்கிய உறுதி செல்லாது, எப்போது வேண்டுமானாலும் வழக்குப் போடலாம்’ என்பது அது. அதுவும் பிழை. முதலாவது ஏமாற்றியவரைக் காப்பாற்றுகிறது, இரண்டாவது ஏமாந்தவரைத் தூங்க வைக்கிறது. இரண்டும் சேர்ந்து எத்தனை வீடுகளை விழுங்கின என்பதைப் பத்திரிகைக்காரனாக முப்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் கலைப்பீடத்தில் படித்தவன், சட்டத்தரணி அல்லன். ஆனால் நீதிமன்றச் செய்தி எழுதுபவன் கட்டளைச் சட்டங்களைப் புரட்டாமல் இருக்க முடியாது. புரட்டியதில் தெரிந்ததையும் ஒரு வழக்கில் கண்ணால் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதிருக்க ஊர்ப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன், தொகைகளையும் சற்று மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பெண்மணிக்குத் தாய்வழியாகச் சீதனமாக வந்தது 15 பேர்ச் வளவும் ஒரு கல்வீடும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் என்பது வெளியூர் வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. மகளுக்கு வீடு எழுதாமல் இங்கே நிக்காஹ் நடப்பது அபூர்வம். ஆகவே கடனுக்காகக் கையெழுத்து வைக்க அழைக்கப்படுபவரும் பெரும்பாலும் பெண்தான். 2012 மார்ச்சில் கணவருக்குக் கொழும்பில் இருதய சத்திரசிகிச்சை. ஆறு இலட்சம் ரூபா தேவைப்பட்டது. பணம் கொடுக்க ஒருவர் முன்வந்தார். மாதத்துக்கு நூற்றுக்கு நான்கு, அதாவது 24,000 ரூபா. அந்தக் காசுக்கு ‘வட்டி’ என்ற பெயர் மட்டும் கிடையாது, ‘வாடகை’ என்று பெயர். ஈட்டு உறுதி வேண்டாம், அறுதி உறுதியே எழுதித் தர வேண்டும், பணம் திரும்பி வந்ததும் காணி திரும்ப எழுதப்படும் என்று வாய்ப்பேச்சு.

ஏன் அறுதி உறுதி? இதைப் புரிந்துகொள்ளாமல் மற்ற எதுவும் புரியாது. ஈடு என்று எழுதினால், கடன் திரும்பாதபோது கொடுத்தவர் 1949 ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டத்தின்படி நீதிமன்றம் போக வேண்டும், கட்டளை பெற வேண்டும், ஏலம் விட வேண்டும், மிஞ்சிய பணத்தைக் கடனாளிக்குக் கொடுக்கவும் வேண்டும். வட்டி அநியாயமாக இருந்தால் 1918 ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் கணக்கைத் திறந்து பார்க்கவும் கூடும். அறுதி உறுதி எழுதிவிட்டால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்களில் இன்னுமொரு வசதியும் இருக்கிறது. வட்டி ஹறாம். விற்பனை ஹலால். ஆகவே கடனுக்கு விற்பனையின் சட்டையை மாட்டிவிட்டால் நாட்டின் சட்டத்துக்கும் மார்க்கத்துக்கும் ஒரே கையெழுத்தில் கண்கட்டு வித்தை காட்டிவிடலாம். முன்வரிசையில் தொழுதுவிட்டு இந்த வியாபாரம் செய்பவர்களைப் பற்றி நான் மென்மையாக எழுதப் போவதில்லை.

அவர் கையெழுத்து வைத்தார். முத்திரை வரியும் நொத்தாரிசு கூலியும் கடன் பணத்திலேயே கழிக்கப்பட்டன. உறுதியில் விலை ஆறு இலட்சம். அன்றைய நிலையில் அந்த வளவும் வீடும் முப்பது இலட்சத்துக்குக் குறையாது. ஏப்ரல் 2012 முதல் ஜூன் 2015 வரை 39 மாதங்கள் 24,000 வீதம் கட்டினார். மொத்தம் 9,36,000 ரூபா. 2015 ஜூலையில் கட்டாரிலிருந்த தம்பி அனுப்பிய ஆறு இலட்சத்தைக் கொண்டுபோய் நீட்டியபோது, “அது அறுதி உறுதி. காணி என்னுடையது. வேண்டுமென்றால் இன்றைய விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்” என்று பதில் வந்தது.

அதன் பிறகு மூன்றரை ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. பள்ளிவாசலில் நான்கு அமர்வு. பொலிசில் ஒரு முறைப்பாடு. ஓர் அரசியல்வாதியின் வீட்டில் தேநீரோடு இரண்டு சந்திப்பு. ‘கோட்டுக்குப் போனால் ஊர் சிரிக்கும், பொறுமையாக இரு, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள்தாம். அவர்களில் ஒருவருக்காவது ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தெரியவில்லை. 2019 ஜனவரியில்தான் வழக்குத் தாக்கலாயிற்று. அதில் எழுதப்பட்டிருந்தது: மோசடி, அச்சுறுத்தல், தகாத செல்வாக்கு. ஆகவே உறுதியை வறிதாக்குக.

கடிகாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. உறுதியை மோசடி என்று சொல்லி இரத்துச் செய்யக் கேட்கும் வழக்குக்கு அதில் தனியாக ஒரு காலம் குறிக்கப்படவில்லை. தனியாகக் குறிக்கப்படாத எல்லாவற்றுக்கும் 10 ஆம் பிரிவு பொருந்தும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். மோசடி மறைக்கப்பட்டிருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். கவனித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கலாம் என்று நீதிமன்றம் கருதினால் அந்த முந்திய நாளிலிருந்து. அச்சுறுத்திக் கையெழுத்து வாங்கியதாக இருந்தால், உறுதி எழுதிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

பள்ளிவாசல் அமர்வு இந்தக் காலத்தை நிறுத்தாது. பொலிஸ் முறைப்பாடு நிறுத்தாது. ‘அடுத்த மாதம் எழுதித் தருகிறேன்’ என்ற வாக்குறுதியும் நிறுத்தாது. சிறுவயது, சித்தசுவாதீனமின்மை, கடல் கடந்திருத்தல் ஆகியவற்றுக்கு அச்சட்டத்தில் சலுகை உண்டு என்பது உண்மை. மத்திய கிழக்கில் இருப்பவர்கள் அதை நம்பிக் காலத்தைக் கடத்துகிறார்கள். வழக்குக் காரணம் எழுந்தபோது நாட்டில் இருந்துவிட்டுப் பிறகு விமானம் ஏறியவருக்கு அந்தச் சலுகை குடை பிடிக்காது. போர்க்காலத்தை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களால் வழக்காட முடியாமற்போன அசையாச் சொத்து உரிமையாளர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. அது முதலில் கொடுத்த அவகாசமே இரண்டு ஆண்டுகள்தாம். எங்கள் பக்கத்தில் அதைக் கேள்விப்படாமலே இரண்டு ஆண்டுகளையும் கழித்தவர்கள் ஏராளம்.

இனி அந்தப் பெண்மணியின் குறுக்கு விசாரணை. நான் மன்றின் பின்வாங்கில் இருந்தேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குரலை உயர்த்தவே இல்லை. எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள் என்று கேட்டார். சாதாரண தரம் வரை. தமிழ் வாசிப்பீர்களா? வாசிப்பேன். உறுதியும் தமிழில்தானே? ஆம். நொத்தாரிசு வாசித்துக் காட்டினாரா? காட்டினார். அது அறுதி உறுதி என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா? தெரியும். யாராவது கத்தியைக் காட்டினார்களா, அடிப்பதாகச் சொன்னார்களா? இல்லை. அப்படியானால் ஏன் கையெழுத்து வைத்தீர்கள்? “எங்கட மாப்பிள்ளையக் காப்பாத்த காசி வேணும் ஐயா.”

உண்மையைச் சொன்னார். அந்த உண்மையே அவருடைய வழக்கைக் கொன்றது. அறுதி உறுதி என்று அன்றைக்கே தெரியும் என்றால் ஆவணத்தின் தன்மை பற்றி ஏமாற்றம் ஏதும் இல்லை. ஏமாற்றம் இருந்ததென்று வைத்துக்கொண்டாலும் அது தெரிந்த நாள் 2012 மார்ச்தான். வழக்குத் தாக்கலானது ஆறு ஆண்டு பத்து மாதம் கழித்து. அச்சுறுத்தலும் இல்லை, ஏனென்றால் வறுமை அச்சுறுத்தல் ஆகாது. இதை எழுதும்போது கை கசக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். சட்டம் ‘அழுத்தம்’ என்று சொல்வது எதிர்த்தரப்போ அதன் சார்பில் ஒருவரோ செய்த குறிப்பிட்ட ஒரு மிரட்டலை. எந்த நாள், எந்த இடம், யார், என்ன சொல்லி மிரட்டினார், யார் கேட்டார் என்று வழக்குரையிலேயே எழுத வேண்டும். கணவரின் இருதயம் அடைத்திருந்தது மிரட்டல் ஆகாது. அதைப் பயன்படுத்திக்கொண்டவர் பாவியாக இருக்கலாம், சட்டத்தின் கண்ணில் மிரட்டியவர் அல்லர்.

மோசடி என்ற சொல்லுக்கு இன்னொரு விலையும் உண்டு. இலட்சுமணன் செட்டியார் எதிர் முத்தையா செட்டியார் என்ற 1948 ஆம் ஆண்டு வழக்கில், குடியியல் வழக்கிலும் மோசடிக் குற்றச்சாட்டு நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும் என்று எங்கள் உயர்நீதிமன்றம் சொன்னது. சாதாரணக் குடியியல் வழக்கில் எந்தப் பக்கம் நிகழ்தகவு சாய்கிறது என்று பார்த்தாலே போதும். மோசடி என்று எழுதியதும் கொலை வழக்கின் தராசு வந்துவிடுகிறது. அந்தத் தராசு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று வாதிடப் பிற்காலத் தீர்ப்புகள் இடம் தருகின்றன. என்றாலும் எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக்கொண்டு வராமல் இராது. வழக்குரையில் ஆத்திரத்தோடு ‘மோசடி, மோசடி’ என்று பத்து இடத்தில் தட்டச்சு செய்யும் சட்டத்தரணி தன் கட்சிக்காரரின் தலையில் பத்துக் கல்லை ஏற்றுகிறார்.

அப்படியானால் அந்தப் பெண்மணிக்கு வழியே இல்லையா? இருந்தது. அவர் சொன்ன உண்மைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டம் ஒன்று 1917 இலிருந்தே இருக்கிறது. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், 83 ஆம் பிரிவு. அதன் சாரம் இதுதான்: சொத்தின் உரிமையாளர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றுகிறார். ஆனால் அந்தச் சந்தர்ப்பத்தின் சூழ்நிலைகளைப் பார்த்தால், சொத்தின் பயனுரிமையையும் விட்டுக்கொடுக்க அவர் கருதினார் என்று நியாயமாக ஊகிக்க முடியவில்லை. அப்போது பெற்றுக்கொண்டவர் அதைப் பழைய உரிமையாளரின் நன்மைக்காகவே வைத்திருக்கிறார். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றியதாக நிரூபிக்கத் தேவையில்லை. ‘அறுதி உறுதி என்று தெரிந்தே கையெழுத்து வைத்தேன், ஆனால் விற்கவில்லை’ என்று சொல்லக்கூடிய ஒரே இடம் இது. அவர் கூண்டில் நின்று சொன்னதும் சரியாக அதுதான்.

வட்டிக்காரரின் சட்டத்தரணி உடனே எழுந்து, 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி பற்றிய எந்த உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும், வாய்ப்பேச்சைக் கொண்டுவர முடியாது என்பார். பலர் இந்த இடத்தில் மிரண்டுபோகிறார்கள். மிரளத் தேவையில்லை. வள்ளியம்மை ஆச்சி எதிர் அப்துல் மஜீத் என்ற வழக்கு 1947 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. கடனில் மூழ்கிய ஒரு முஸ்லிம் சொத்துக்காரர், கடன்களைத் தீர்த்துவிட்டுத் திரும்ப எழுதித் தருவது என்ற வாய்மொழி ஏற்பாட்டில் தன் சொத்துகளை ஒரு நாட்டுக்கோட்டைச் செட்டியாருக்கு எழுதிக்கொடுத்தார். செட்டியார் காலமானதும் அவர் தரப்பு ஏற்பாட்டை மறுத்தது. எழுத்தில் இல்லை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மோசடியைத் தடுக்க வந்த சட்டத்தை மோசடிக்கே கேடயமாக்க விட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் உயிர். நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 5 ஆம் பிரிவிலேயே அதற்கு இடமிருக்கிறது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92 ஆம் பிரிவும் ஆவணத்துக்கு எதிராக வாய்ச்சாட்சியைத் தடுக்கும் அதே மூச்சில், மோசடி, மிரட்டல், கைம்மாறின்மை போன்றவற்றை நிரூபிக்கக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

சூழ்நிலை என்றால் என்ன? அதே 1947 இல் எஹியா லெப்பை எதிர் மஜீத் என்ற வழக்கில் நீதியரசர் டயஸ் சொன்னது இன்றுவரை மேற்கோளாகிறது. எழுதிக்கொடுத்தவர் தொடர்ந்து காணியில் இருந்தாரா, உறுதிச் செலவு முழுவதையும் அவரே கொடுத்தாரா, உறுதியில் எழுதிய விலை உண்மைப் பெறுமதிக்கு ஒவ்வாத அற்பத் தொகையா என்று பாருங்கள், அது உண்மையான விற்பனையா வேறொன்றா என்று தெரிந்துவிடும் என்பது அதன் கருத்து. இந்த மூன்றையும் அந்தப் பெண்மணியின் கதையோடு வைத்துப் பாருங்கள். வீட்டை விட்டு அவர் ஒரு நாளும் வெளியேறவில்லை. செலவு அவருடைய கடன் பணத்தில் கழிந்தது. விலை ஐந்தில் ஒரு பங்கு. மூன்றுக்கு மூன்று!

ஆனால் மூன்றும் வாயால் சொன்னால் போதாது, ஒவ்வொன்றுக்கும் கடதாசி வேண்டும். காணியில் தொடர்ந்து இருந்ததற்குச் சோலைவரிப் பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, கிராம உத்தியோகத்தரின் சாட்சியம். வாங்கியவர் அந்த ஆண்டுகளில் ஒரு தடவையாவது சோலைவரி கட்டினாரா, பெயரை மாற்றினாரா என்று மாநகர சபைப் பதிவிலிருந்து எடுக்கலாம். உண்மையில் வாங்கியவன் மூன்று வருடம் வரி இடாப்பைத் திரும்பியும் பார்க்காமல் இருப்பானா? பெறுமதிக்கு, உறுதி எழுதிய திகதியில் காணி என்ன விலை போனது என்று தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும், அயலில் அதே காலத்தில் விற்ற காணிகளின் உறுதிப் பிரதிகளும் வேண்டும். வழக்குப் போடும் நாளின் விலை இங்கே உதவாது. இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மலிவான, எல்லோரும் மறக்கும் சான்று உறுதியின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது. நொத்தாரிசு தன் அத்தாட்சிக் குறிப்பில், விலைப்பணம் தன் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா, எவ்வளவு, அல்லது முன்னரே பெற்றதாக எழுதிக்கொடுத்தவர் ஒப்புக்கொண்டாரா என்று எழுத வேண்டும் என்பது 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் விதி. ‘முன்னரே பெற்றுக்கொண்டதாகச் சொன்னார்’ என்று இருந்தால் கேள்வி பிறக்கிறது: எப்போது, எங்கே, எப்படி? முப்பது இலட்சம் பெறுமதியான வீட்டை வாங்குபவர் வங்கிக் கணக்கில் ஒரு சுவடும் இல்லாமல் கொடுத்தாரா? மூலப் பிரதி வட்டிக்காரரிடம் இருக்கிறதே என்று கைவிரிக்கத் தேவையில்லை. நொத்தாரிசின் கோவையில் ஒரு பிரதி இருக்கும், இணைப் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். கட்டணம் கட்டி அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். சுனாமியில் உறுதிகளைப் பறிகொடுத்த எங்கள் கரையோரத்துக்கு இந்த வழி 2005 இலேயே பழக்கமாயிற்று. ஒரு எச்சரிக்கை: நொத்தாரிசு விதிகளை மீறினார் என்ற ஒரே காரணத்துக்காக உறுதி செல்லாமற் போகாது என்று அதே சட்டம் சொல்கிறது. மீறல் ஒரு சூழ்நிலைச் சான்று, அவ்வளவே.

கையெழுத்தே தன்னுடையதல்ல, கள்ள உறுதி என்பவருடைய கதை வேறு. அங்கே உரிமை மாறவே இல்லை. உறுதியை நம்பி வருபவர்தான் அத்தாட்சிச் சாட்சியில் ஒருவரையாவது அழைத்து அதை நிரூபிக்க வேண்டும். அதேபோல, படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பராமரிக்கும் மருமகன் நொத்தாரிசை வீட்டுக்கு அழைத்து வந்து தன் பெயருக்கு எழுதிக்கொண்டால், தான் நேர்மையாக நடந்ததைக் காட்டும் சுமை நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்த அந்த மருமகன் மீதே விழும். சான்றுச் சட்டத்தின் 111 ஆம் பிரிவு அது. வட்டிக்காரருக்கும் கடனாளிக்கும் இடையில் அப்படியான நம்பிக்கை உறவு இல்லை. எனவே நான் சொல்லிக்கொண்டிருக்கும் வழக்கில் தகாத செல்வாக்கு என்று எழுதியதும் வீண் மைதான்.

காலத்துக்கு மறுபடி வருகிறேன். நம்பிக்கைப் பொறுப்பு என்று வாதிட்டால் கடிகாரம் உறுதி எழுதிய நாளில் தொடங்காது. வட்டி கட்டி, அதை அவர் வாங்கி, ‘தருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை யாரும் யாருடைய உரிமையையும் மறுக்கவில்லை. மறுத்த நாளில்தான் வழக்குக் காரணம் எழுகிறது. இவ்வகை நம்பிக்கைப் பொறுப்புக்கு மூன்று ஆண்டு எல்லை பொருந்துமா என்பதிலேயே சட்டத்தரணிகளிடையே வாதம் உண்டு. வாதத்தில் ஒதுங்கி நின்று காணியைப் பணயம் வைக்காதவர் மறுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்றே கணக்கு வைப்பார். அந்தப் பெண்மணிக்கு அது 2018 ஜூலை. பள்ளிவாசலின் நான்காவது அமர்வு 2018 ஓகஸ்டில் நடந்தது.

அதனால்தான் மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும் என்கிறேன். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ன தொகையைத் தரத் தயார், காணியைத் திரும்ப எழுதுக என்று சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். பதில் வந்தால் மறுப்பின் திகதி கிடைத்துவிடும், கடனை ஒப்புக்கொள்ளும் வரி ஒன்றும் அதில் தவறி விழலாம். பதில் வராவிட்டால் அதுவும் நீதிமன்றத்தில் பேசும். வட்டிக்காரர்கள் பலர் திறமைசாலிகள், ஆனால் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில் திறமைசாலிகள் குறைவு.

வழக்குப் போட்ட அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சட்டத்தரணிகள் லிஸ் பென்டன்ஸ் என்று சொல்லும் வழக்கு நிலுவை அறிவித்தலைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். வழக்கு நடக்கிறது என்பது அந்தக் காணியின் ஏட்டில் ஏறாவிட்டால், இடையில் வாங்கும் மூன்றாமவரை அந்த வழக்குக் கட்டுப்படுத்தாது. ஒன்றும் அறியாமல் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியவரை நம்பிக்கைப் பொறுப்புச் சட்டமும் பாதுகாக்கிறது. வட்டிக்காரர் மைத்துனர் பெயருக்கும் மைத்துனர் ஒரு வெளியூர்க்காரருக்கும் எழுதிய பிறகு தீர்ப்பு வந்தால், கையில் இருப்பது ஒரு கடதாசி மட்டுமே. அழுத்தத்தாலோ மோசடியாலோ எழுதப்பட்ட உறுதி இரத்தாகும் வரை செல்லுபடியான உறுதிதான் என்பதை மறந்தால் இதுதான் நடக்கும்.

வீட்டிலேயே இருப்பவருக்கு இன்னுமொரு நிலை உண்டு. அவரை வெளியேற்ற வட்டிக்காரர்தான் வழக்குப் போட வேண்டும். அப்போது எதிராளியாக நின்றபடியே நம்பிக்கைப் பொறுப்பை எழுப்பலாம். ஆகவே எதற்காகவும் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள், வாடகை ஒப்பந்தம் என்று நீட்டும் காகிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அந்த ஒப்பந்தம் ‘இது உன் வீடு, நான் குடியிருப்பவள்’ என்று நீங்களே எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம்.

எங்கள் பெண்மணியின் வழக்கில் 2023 இல் தீர்ப்பு வந்தது. மோசடி நிரூபிக்கப்படவில்லை, வழக்குக் காலாவதியாகியும்விட்டது. எதிராளி கேட்டிருந்தபடி வீட்டை ஒப்படைக்கவும் கட்டளையாயிற்று. நம்பிக்கைப் பொறுப்பு வழக்குரையில் இல்லை, எழுவினாக்களிலும் இல்லை. கேட்காத நிவாரணத்தை நீதிபதி தூக்கிக் கொடுக்க முடியாது. அவர்மீது எனக்குக் குறையில்லை. நான்கு அமர்வு நடத்திய நம் பெரியவர்கள்மீது குறை இருக்கிறது. கட்சிக்காரரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து கதை கேட்காமல் பழைய வழக்குரையின் பெயர்களை மட்டும் மாற்றித் தாக்கல் செய்தவர்மீது இருக்கிறது.

வீட்டைக் காலி செய்வதற்கு முன்னர் ஒரு நாள் போயிருந்தேன். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சிஆர் கொப்பியை எடுத்து நீட்டினார். “காக்கா, இதையும் பாருங்க” என்றார். 39 வரிகள். ஒவ்வொரு வரியிலும் திகதி, 24,000, ஓரத்தில் வாங்கியவரின் சிறு கையெழுத்து. முதற்பக்கத்தின் தலைப்பில் அவருடைய கையாலேயே எழுதியிருந்தது: ‘காணி திருப்பும்வரை.’

“தங்கச்சி, இதை ஏன் கோட்டில் காட்டவில்லை?” என்று கேட்டேன்.

“ஆரும் கேக்கல்லயே காக்கா. வட்டி குடுத்தது வெளியில தெரிஞ்சா நமக்கும் வெக்கம்தானே.”

முன்கூட்டியே தாக்கல் செய்யும் ஆவண நிரலில் சேர்க்காத கடதாசியை மன்றின் அனுமதியின்றிப் பிறகு நுழைக்க முடியாது. தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு அறிவித்தலை ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக 14 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கொப்பி என் கைக்கு வந்த அன்று தீர்ப்புக் கிடைத்து ஒரு மாதமும் ஆறு நாளும் ஆகியிருந்தன.